போன் காரோடு இணைகிறது, பாட்டும் பேச்சும் வரவில்லை: பழைய ப்ளூடூத் பேரிங்கை இரு பக்கமும் அழித்துச் சரிசெய்வது

*கேள்வி: அண்ணா, போன மாசம் செகண்ட் ஹாண்ட்ல ஒரு கார் வாங்கினேன். தினமும் ஆம்பூர்ல இருந்து வேலூர் போய் வர்றேன். போன் காரோட பேர் ஆகிடுது, கனெக்டட்னும் காட்டுது. ஆனா பாட்டு போன்லயேதான் பாடுது. கால் சில நேரம் கார்ல கேட்குது, சில நேரம் கூப்பிடறவங்க பேர் மட்டும் திரையில வருது, பேச்சு கேட்கல. என் மனைவி போன்ல எல்லாம் ஒழுங்கா வருது. கடையில செட்டையே மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா?*

மாற்ற வேண்டாம் தம்பி. மனைவியின் போனில் பாட்டும் காலும் சரியாக வருகிறது என்ற ஒரு வரியே போதும். காரின் ப்ளூடூத், மைக், ஸ்பீக்கர் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. உங்கள் போனைப் பற்றிக் காரிலும், காரைப் பற்றி உங்கள் போனிலும் பதிந்து கிடக்கும் விவரத்தில்தான் கோளாறு. அதை அழித்துவிட்டு, சரியான வரிசையில் மறுபடி பதிந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை, அரை மணி நேர வேலை. எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் அடுத்த முறை கடைக்குப் போக வேண்டியிருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனும் காரும் ப்ளூடூத்தில் பேர் ஆவது என்பது ஒரு வேலை, பாட்டு போவது இன்னொரு வேலை, பேச்சு போவது மூன்றாவது வேலை. பேர் ஆகும்போது போனும் காரும் ஒருவருக்கொருவர் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, இரண்டு பக்கமும் சேமித்து வைத்துக்கொள்கின்றன. திரையில் ஆறு இலக்க எண் தோன்றி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்கிறதே, அது இந்தச் சாவிக்காகத்தான். அதோடு பேரிங் முடிந்தது. அதற்குப் பிறகு பாட்டுக்கு ஒரு தனி வழியும், காலுக்கு ஒரு தனி வழியும் திறக்க வேண்டும். இவற்றைத்தான் ப்ரொஃபைல் என்கிறார்கள். பாட்டுக்கு உரியது ஏ2டிபி, காலுக்கு உரியது எச்எஃப்பி. பாட்டை நிறுத்துவது, அடுத்த பாட்டுக்குத் தாவுவது, திரையில் பாட்டின் பெயரைக் காட்டுவது ஆகியவற்றுக்கு ஏவிஆர்சிபி என்று இன்னொன்று. போனில் உள்ள தொடர்பு எண்களைக் கார் எடுத்துக்கொள்ள வேறொன்று.

ஒரு வீட்டுக்குக் கரண்ட் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் தனித்தனியாக வாங்குவது போலத்தான் இதுவும். ஒன்று இருப்பதால் மற்றொன்று தானாக வந்துவிடாது. இந்த வழிகளில் ஏதாவது ஒன்று திறந்திருந்தாலே போன் Connected என்று காட்டிவிடும். அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் பக்கத்திலேயே no media அல்லது no phone என்று சின்ன எழுத்தில் வரும். no media என்றால் பாட்டு வழி திறக்கவில்லை, no phone என்றால் கால் வழி திறக்கவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

அழிக்கத் தொடங்கும் முன் எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. நிறையக் கார்களில் வண்டி நகரும்போது பேரிங் மெனுவே திறக்காது. பள்ளிகொண்டா டோல் வரிசையில் நிற்கும்போது செய்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டு வாசலில், சாவியை ஏசிசி நிலையில் வைத்துக்கொண்டால் போதும், இன்ஜின் ஓட வேண்டியதில்லை. மனைவி போன், பிள்ளைகளின் டேப்லெட், கையில் கட்டியிருக்கும் வாட்ச் எல்லாவற்றிலும் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். வாட்சைக் கழற்றி வைத்தால் மட்டும் போதாது, பவர் ஆஃப் செய்துவிடுங்கள். காரணம் பின்னால் வரும்.

இப்போது போனிலேயே சேமித்து வைத்திருக்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். நெட்டிலிருந்து வரும் பாட்டு வேண்டாம், சிக்னல் போனால் குழப்பம் கூடும். காரின் திரையில் சோர்ஸ் எது என்று பாருங்கள். எஃப்எம்மிலோ யுஎஸ்பியிலோ இருந்தால், பாட்டு காருக்கு வந்துகொண்டிருந்தாலும் ஸ்பீக்கரில் கேட்காது. கால் வரும்போது கார் எந்த சோர்ஸில் இருந்தாலும் தானாகவே குறுக்கிட்டுக் கேட்கும், பாட்டு அப்படிக் குறுக்கிடாது. கால் வருது, பாட்டு வரல என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். சோர்ஸை ப்ளூடூத் ஆடியோவுக்கு மாற்றிவிட்டு, போனின் வால்யூம் பட்டனை அழுத்தி, ஒலி எங்கே போகிறது என்று காட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே காரின் பெயர் இருந்தால் போன் பாட்டை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. போன் வால்யூமை முக்கால் அளவுக்கும், கார் வால்யூமை நடுத்தரத்துக்கும் கொண்டுவாருங்கள். காரின் பெயரே அங்கே இல்லையென்றால் பாட்டு வழி திறக்கவில்லை. உங்கள் பாட்டு போனிலேயே பாடுகிறது என்கிறீர்கள், ஆகவே இங்கே காரின் பெயர் இருக்காது என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

அடுத்தது கால். வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்குச் சாதாரணக் கால் போடுங்கள். வாட்ஸ்அப் கால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு ஓடும்போது போன் திரையில் ஸ்பீக்கர் அல்லது ஆடியோ பட்டனைத் தொட்டால் ஒலி போகக்கூடிய இடங்களின் பட்டியல் வரும். அதில் காரின் பெயர் இல்லை என்றால் கால் வழி அடைபட்டிருக்கிறது. பெயர் இருக்கிறது, தேர்வும் ஆகியிருக்கிறது, ஆனாலும் சத்தமில்லை என்றால், கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் வால்யூமைக் கூட்டிப் பாருங்கள். பல செட்களில் காலுக்கும் பாட்டுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கும். பழைய உரிமையாளர் கால் வால்யூமைக் குறைத்து வைத்திருந்தால், பாட்டு ஓடும்போது நீங்கள் எவ்வளவு திருகினாலும் கால் வால்யூம் ஏறாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். Settings, அதில் Accessibility, அதில் Touch, அதில் Call Audio Routing. அது Automatic என்று இருந்தால், போன் திரையைத் தொட்டு எடுத்த கால் போனிலேயே பேசக்கூடும், காரின் பட்டனை அழுத்தி எடுத்தால் காரில் பேசும். சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் Phone calls, Media audio என்று இரண்டு பொத்தான்கள் தெரியும். சாம்சங் போனில் Calls, Audio என்று இருக்கும். Media audio அணைந்திருந்தால் அதைப் போட்டுவிட்டு மீண்டும் சோதியுங்கள். சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் Media audio என்ற பொத்தானே அங்கே இல்லை, Phone calls மட்டும்தான் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். பேர் ஆகும் நேரத்தில் போன் காரிடம் உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு, வரும் பதிலைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த விசாரணை பாதியில் நின்றுபோனால், இந்தக் காருக்குப் பாட்டு வழியே கிடையாது என்று போன் குறித்துக்கொண்டு, அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ப்ளூடூத்தை அணைத்து அணைத்துப் போட்டாலும் அந்தக் குறிப்பு மாறாது. அதை அழித்துவிட்டுப் புதிதாகப் பேர் செய்தால்தான் போன் மறுபடி கேட்கும். பேரிங் செய்யும்போது மற்ற போன்கள் அணைந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, அழிப்பதற்கு வருவோம். இங்கே நிறையப் பேர் செய்வது பாதி வேலை. போனில் Forget கொடுத்துவிட்டு மறுபடி பேர் செய்கிறார்கள். போனிலிருந்து சாவி போய்விட்டது, காரில் பழைய சாவி அப்படியே இருக்கிறது. சில செட்கள் புத்திசாலித்தனமாகப் பழையதை மாற்றிக்கொள்ளும். சில செட்கள் பழைய சாவியையே நீட்டும், போன் ஏற்காது, இரண்டும் தட்டுத்தடுமாறும். அப்போதுதான் போனில் incorrect PIN or passkey என்று வரும், அல்லது ஒரு நொடி இணைந்து உடனே துண்டிக்கும். ஆகவே இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பட்டியலின் அளவு. காரின் செட் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் போன்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஐந்து என்பது பரவலாகக் காணும் அளவு, சில செட்களில் கூடுதலாக இருக்கும். செகண்ட் ஹாண்ட் காரில் அந்த இடமெல்லாம் பழைய உரிமையாளர் வீட்டுப் போன்களாலும், ஷோரூமில் ஓட்டிப் பார்த்தவர்களின் போன்களாலும், புரோக்கரின் போனாலும் நிரம்பியிருக்கும். நிரம்பினால் சில செட்கள் நினைவகம் நிறைந்துவிட்டது என்று சொல்லும். சில ஒன்றும் சொல்லாமல் புதிய போனைச் சரியாகப் பதியாமல் விட்டுவிடும்.

காட்பாடியில் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். உங்களைப் போலவே பழைய கார், ராணிப்பேட்டைப் பக்கம் வாங்கியது. அவர் போனில் கார் கனெக்டட், பாட்டு இல்லை, கால் அரைகுறை. மனைவி போன் ஒழுங்கு. காரின் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஐந்து இடமும் நிரம்பியிருந்தது. அதில் இரண்டு பதிவுகளுக்கு ஒரே பெயர். போன் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மாடல் பெயரைத்தான் தன் ப்ளூடூத் பெயராக வைத்திருக்கும். பழைய உரிமையாளரும் அதே மாடல் போன் வைத்திருந்திருக்கிறார். இவர் முன்பு ஒருமுறை தன் போன் என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டு மறுபடி பேர் செய்திருக்கிறார். எதை அழித்தார் என்று யாருக்குத் தெரியும்? பழையவருடைய பதிவு போயிருக்கும், தன்னுடைய கெட்டுப்போன பதிவு அப்படியே இருந்திருக்கும்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு போன் குறி, ஒரு இசைக்குறி. மனைவி போனுக்கு இசைக்குறி ஒளிர்ந்தது, இவர் போனுக்குப் போன் குறி மட்டும். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மனைவியின் போன் ஹாலில் இருந்தபடியே காரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பல செட்கள் ஒரு நேரத்தில் ஒரு போனிலிருந்துதான் பாட்டை வாங்கும். ஒரு போனுக்குப் பாட்டு, இன்னொரு போனுக்குக் கால் என்று பிரித்துக் கொடுக்கிற செட்கள் உண்டு. அவர் கார் அந்த வகை. செட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. பாட்டு இடம் வேறு ஒருவருக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் அவர் போனுக்கு வேறு பெயர் வைத்தோம். Settings, About phone, Device name. அங்கே மாடல் பெயரை எடுத்துவிட்டுத் தனக்குத் தெரிகிற ஒரு பெயரைப் போட்டார். அப்புறம் மனைவியின் போனில் ப்ளூடூத்தை அணைத்தோம். காரின் பட்டியலில் இருந்த எல்லாப் பதிவுகளையும், மனைவியின் போன் உட்பட, ஒவ்வொன்றாக அழித்தோம். நல்ல பதிவை ஏன் அழிக்க வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார், நியாயமான கேள்வி. பல செட்களில் எந்தப் போனுக்கு முதல் உரிமை என்ற விவரமும் அந்தப் பதிவோடுதான் இருக்கும். வெறும் பட்டியலிலிருந்து தொடங்கினால் யார் முதல் என்பதை நாமே முடிவு செய்யலாம். அதன் பிறகு இவர் போனில் காரின் பதிவுக்கு Forget, மனைவி போனிலும் அதே. இரண்டு போன்களையும் ஒருமுறை அணைத்துப் போட்டோம்.

காரையும் முழுக்கத் தூங்கவிட வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் செட் உடனே அணைவதில்லை. பல கார்களில் ஓட்டுநர் கதவைத் திறக்கும்வரை செட் உயிரோடு இருக்கும், திரை இருட்டான பிறகும் உள்ளே சிறிது நேரம் விழித்திருக்கும். சாவியை எடுத்து, கதவைத் திறந்து மூடி, பூட்டிவிட்டு ஐந்து பத்து நிமிடம் விட்டோம். திரும்ப வந்து ஏசிசி போட்டு, காரின் மெனுவிலிருந்து புதிய போனைச் சேர்க்கச் சொன்னோம். போனில் காரின் பெயரைத் தொட்டார், ஆறு இலக்க எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தது, சரி என்றார். உடனே தொடர்பு எண்களையும் கால் விவரங்களையும் தரலாமா என்று போன் கேட்டது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்துபவர்கள் உண்டு. அதை மறுத்தால் கால் நின்றுபோகாது, ஆனால் அழைப்பவர் பெயர் காரில் வராது. அது அவரவர் விருப்பம். ஒரு நிமிடம் எதையும் தொடாமல் விட்டோம், போன் காரிடம் விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்து முடிக்கட்டும் என்று. பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தால் Phone calls, Media audio இரண்டும் இருந்தன, இரண்டும் எரிந்தன. பாட்டு காரில் வந்துவிட்டது.

கால் வரவில்லை. போட்டுப் பார்த்தால் காரின் திரையில் பெயர் தெரிகிறது, எடுத்தால் மௌனம். அவர் கையைப் பார்த்தேன், கால் பேசும் வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச். அந்த வகை வாட்ச் போனுக்கு இரண்டு விதமாக இணைகிறது. நடை எண்ணிக்கை, நோட்டிஃபிகேஷன் முதலியவற்றுக்கு அதன் ஆப் வழியாக ஒன்று, காலுக்கு ப்ளூடூத் பட்டியலில் தனியாக இன்னொன்று. போனைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது இணைப்பு காருக்குச் சமமான ஒரு ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி. கால் பேச்சு ஒரு நேரத்தில் ஒரே கருவிக்குத்தான் போகும். வாட்ச் கடைசியாக இணைந்தால் வாட்சுக்குப் போகிறது, கார் கடைசியாக இணைந்தால் காருக்குப் போகிறது. சில நேரம் வருது, சில நேரம் வரல என்பதன் ரகசியம் அவர் விஷயத்தில் அதுதான். பேச்சு வாட்சின் குட்டி ஸ்பீக்கரில் மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது, ஏசி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

போனின் ப்ளூடூத் பட்டியலில் வாட்சின் பல்சக்கரத்தைத் தொட்டு Phone calls, Media audio இரண்டையும் அணைத்தோம். நடை எண்ணிக்கையும் நோட்டிஃபிகேஷனும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. கால் காரில் வந்தது. வீட்டில் வாட்சில் பேச வேண்டும் என்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் காருக்குள் ஏறும்போது அணைக்க வேண்டும். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்றால் தினமும் இந்தத் தொல்லை இருக்கும். என்னைக் கேட்டால், தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் கால் விஷயத்தில் காரை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் கையிலும் அப்படி ஒரு வாட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேள்வியில் உள்ள சில நேரம் என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வலுவாக வருகிறது. வாட்ச் இல்லையென்றால், பாக்கெட்டில் மூடி சரியாக மூடாத இயர்பட்ஸ் டப்பாவும் இதே வேலையைச் செய்யும்.

கடைசியாகத்தான் மனைவியின் போனைச் சேர்த்தோம். பாட்டு, கால் இரண்டும் முதல் போனில் சரியாக ஓடி, வண்டியை ஒருமுறை முழுக்க அணைத்துப் போட்ட பிறகும் தானாக இணைகிறது என்று உறுதியான பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு போன்களையும் ஒரே நேரத்தில் சேர்த்தால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. காரின் மெனுவில் தானாக இணைவதற்கான முன்னுரிமை என்று ஒரு தேர்வு இருந்தால் உங்கள் போனை அதில் முதலாக வையுங்கள்.

பட்டியலை ஒவ்வொன்றாக அழிக்க முடியாத செட் என்றால் அதன் அமைப்புகளில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் வசதி இருக்கும். அதைச் செய்தால் ரேடியோ நிலையங்களும் ஒலி அமைப்புகளும் சேர்ந்தே போகும், அவற்றை மறுபடி வைத்துக்கொள்ளலாம். பேட்டரி வயரைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பிச் செய்யாதீர்கள். பெரும்பாலான செட்களில் பேரிங் பட்டியல் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றினாலும் அங்கேயேதான் இருக்கும். உறைந்துபோன செட்டை எழுப்ப வேண்டுமானால் அது உதவலாம். ஆனால் சில செட்கள் மீண்டும் கரண்ட் வந்ததும் திருட்டுத் தடுப்புக் குறியீட்டைக் கேட்கும். அந்தக் குறியீடு பழைய உரிமையாளரின் புத்தகத்தில் இருந்தால் நீங்கள் அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

போன் பக்கத்தில் Forget கொடுத்தும் சரியாகவில்லை என்றால் ஒரு படி மேலே போகலாம். Settings, System, Reset options என்ற இடத்தில் Reset Bluetooth & Wi-Fi என்று இருக்கும். போனுக்குப் போன் இடமும் பெயரும் சற்று மாறும். இது எல்லாப் பேரிங்கையும் துடைக்கும், சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் போய்விடும். வீட்டு, ஆபீஸ் வைஃபை கடவுச்சொற்களைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். படங்களும் தொடர்பு எண்களும் போகாது.

இத்தனைக்கும் பிறகு பாட்டு வழி திறந்தும் விட்டுவிட்டு வருகிறது, அல்லது இணைந்து சில நொடிகளில் துண்டிக்கிறது என்றால், பழைய செட்டும் புதிய போனும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். காரின் பல்சக்கரத்துக்குள் HD audio என்று ஒன்று எரிந்தால் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத்தில் பாட்டு வாங்கும் எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி முறைக்குப் போன் இறங்கிவிடும், காரில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதற்கும் அசையவில்லை என்றால் Developer options உள்ளே Bluetooth AVRCP Version என்பதை ஒரு படி குறைத்து வைத்து, போனை அணைத்துப் போட்டு, மறுபடி இரு பக்கமும் அழித்துப் பேர் செய்யுங்கள். போன் புதிய மென்பொருளுக்கு மாறிய பிறகு தொடங்கிய தகராறுகளில் இது உதவுவதுண்டு. வேறு எதையும் அந்த மெனுவில் தொட வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடும் கார் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் பாட்டு கேபிள் அல்லது வைஃபை வழியாகப் போகிறது, கால் மட்டும் ப்ளூடூத்தில் போகிறது. ஆகவே ஆட்டோவில் பாட்டு வந்து கால் வரவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லாமல் Phone calls பொத்தானைப் பாருங்கள்.

அழித்துப் பயனில்லாத நிலையும் ஒன்று உண்டு. பழைய கார்கள் சிலவற்றில் செட்டுக்குக் காலுக்கான வழி மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், பாட்டுக்கான வழியே கிடையாது. அப்படிப்பட்ட காரில் எந்தப் போனுக்கும் பாட்டு வராது. உங்கள் மனைவியின் போனில் வருவதால் உங்கள் கார் அந்த வகை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்போதும் செட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆக்ஸ் துளை இருந்தால் அதில் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரைச் செருகுங்கள். போனில் காரின் பதிவில் Phone calls மட்டும், ரிசீவரின் பதிவில் Media audio மட்டும் எரியும்படி வையுங்கள். கால் காரின் மைக்கில், பாட்டு ரிசீவர் வழியாக. சோர்ஸ் மட்டும் ஆக்ஸில் இருக்க வேண்டும்.

கடையில் காட்ட வேண்டிய நிலை எது என்றால், எந்தப் போனை இணைத்தாலும் ஒரே கோளாறு வருவது. எல்லாப் போனிலும் நீங்கள் பேசுவது மட்டும் எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் மைக் அல்லது அதன் வயர். வெளியில் பொருத்திய செட்டாக இருந்தால் மைக் பின்னையே செருகாமல் விட்டிருக்கவும் கூடும், டேஷ்போர்டைத் திறந்தவர்களிடம் அதைக் கேளுங்கள். ஒரு போனில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் அது கடைக்கான வேலை இல்லை.

பழைய காரில் பட்டியலை அழிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முந்தைய உரிமையாளரின் தொடர்பு எண்களும் கால் பட்டியலும் செட்டுக்குள் இருக்கக்கூடும். அவை உங்களிடம் இருக்க வேண்டியவை அல்ல. நாளை நீங்கள் இந்தக் காரை விற்கும்போதும் ஆர்சி மாற்றுவதற்கு முன் இதே வேலையைச் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது நான்கு விவரங்களைச் சொல்லுங்கள்: காரின் மாடலும் ஆண்டும், செட் கம்பெனி கொடுத்ததா வெளியில் பொருத்தியதா, போனின் மாடல், காரின் பல்சக்கரத்தைத் தொட்டால் எந்தெந்தப் பொத்தான்கள் தெரிகின்றன என்பது. கடைசி விவரத்துக்கு முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.